இரண்டு சமையல் கொட்டேஷன்: 71,250 ரூபாயும் 1,02,500 ரூபாயும். இவ்வளவு வித்தியாசம் எப்படி?

அம்பை மீனா

அப்பாவுக்குத் தை மாதக் கடைசியில் அறுபதாம் கல்யாணம். பாளையங்கோட்டையில் மண்டபம் பிடித்தாகிவிட்டது. காலை டிபனுக்கு 150 பேர், மதியச் சாப்பாட்டுக்கு 300 பேர் என்று எங்கள் கணக்கு. அப்பாவின் ஆசைப்படி சாம்பாருக்குப் பதில் சொதி, இஞ்சித் துவையல், உருளைக்கிழங்கு சிப்ஸ். தம்பி நேரில் போய் இரண்டு இடங்களில் விலை கேட்டு, போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறான். நான் வெளியூரில் இருப்பதால் படத்தை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

முதலாவது லெட்டர் பேடில் அடித்தது. டிபன் ரூ.85, சாப்பாடு ரூ.195, குறைந்தது 300 இலை. மொத்தம் 71,250. கீழே சின்ன எழுத்தில்: பரிமாற ஆட்கள் 12 பேர், ஆளுக்கு 900, தண்ணீர் பாட்டில் 8, இலை 6, வேன் 3,500, கேஸ் ஆன செலவு, வரி தனி, தேங்காய் விலை ஏறினால் சொதிக்குத் தனி.

இரண்டாவது நோட்டுத் தாளில் கையெழுத்து. டிபன் 100 × 150. அடுத்த வரியில் சாப்பாடு 250 × என்று போட்டு, பக்கத்து எண்ணில் மை பரவியிருக்கிறது, 250 போலவும் 350 போலவும் தெரிகிறது. மொத்தம் 1,02,500. "இலை, தண்ணீர், ஆள், கேஸ், வண்டி உட்பட" என்று இருக்கிறது. கடைசி வரியில் தம்பியின் கட்டைவிரல் மறைத்துவிட்டது, "...மேல் ஒரு மணிக்கு 1,000" என்பது மட்டும் தெரிகிறது.

31,250 ரூபாய் வித்தியாசம். முதல் ஆளையே பேசிவிடலாமா?

கல்லிடை சங்கரி

அக்கா, கேட்டரிங்கே வேண்டாம். போன ஆவணியில் எங்கள் வீட்டில் காதுகுத்துக்குத் தவசுப்பிள்ளையை வைத்துத்தான் ஆக்கினோம். அவர் சாமான் லிஸ்ட் கொடுத்தார், நாங்கள் வாங்கிக் கொடுத்தோம், கூலி மட்டும் தனி. வீட்டுக்குப் பின்னால் ஆக்குப்புரை போட்டோம். மிஞ்சிய பருப்பும் எண்ணெயும் நம் வீட்டிலேயே இருந்தது. நூறு பேர்தான் வந்தார்கள், அருமையாக நடந்தது.

அம்பை மீனா

நல்ல யோசனைதான் சங்கரி. ஆனால் அம்மாவுக்கு முழங்கால் வலி, சாமான் வாங்க, அளந்து கொடுக்க வீட்டில் ஆள் இல்லை. 300 பேருக்கு அது எங்களால் முடியாது.

வண்ணாரப்பேட்டை ராஜன்

"வரி தனி" என்று போட்டிருக்கிறாரே, அதைப் பாருங்கள். கேட்டரிங்குக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி. 71,250க்கு வரியே 12,800 வந்துவிடும். இரண்டாவது ஆளே மேல்.

பந்திக்காரர்

பல வருடம் சமையல் கான்ட்ராக்டில் கணக்கு எழுதியவன் நான். மீனா, வரியைக் கடைசியில் பார்ப்போம். முதலில் இரண்டு தாளையும் ஒரே அளவுக்குக் கொண்டுவர வேண்டும். ஒன்று வெறும் சாப்பாட்டு விலை, மற்றது எல்லாம் சேர்ந்த விலை. மொத்தத்தை மட்டும் பார்த்து எது குறைவு என்று சொல்லவே முடியாது.

முதல் தாளில் சின்ன எழுத்தில் இருப்பதையெல்லாம் மேலே ஏற்றுங்கள். ஆட்கள் 10,800. தண்ணீர் 450 பாட்டில், 3,600. இலை 450, 2,700. வேன் 3,500. கேஸ்தான் திறந்த கணக்கு. நீங்கள் சொல்லும் அளவுக்கு 19 கிலோ சிலிண்டர் மூன்று என்று வையுங்கள், ஒன்று 1,900 என்றால் 5,700. கூட்டினால் 26,300. ஆக 71,250 என்பது 97,550 ஆகிவிட்டது, வரி இல்லாமலே.

இப்போது இரண்டாவது தாளில் மை பரவிய எண். எழுத்தைப் பார்த்து மல்லுக்கட்ட வேண்டாம், மொத்தம் இருக்கிறதே. 1,02,500இல் டிபன் 15,000 கழித்தால் 87,500. அதை 250ஆல் வகுத்தால் 350. அப்படியானால் அது 350 இலை. நீங்கள் 300 பேர் என்று சொல்லியிருக்க, அவர் 350 இலைக்குப் போட்டிருக்கிறார். அது குறைந்தபட்ச இலையா, அல்லது தம்பி வாய் தவறிச் சொன்னதா என்று கேட்டே ஆக வேண்டும். குறைந்தபட்சம் என்றால் 300 பேர் சாப்பிட்டாலும் 87,500 கொடுக்க வேண்டும்.

இலைக்கு எவ்வளவு என்று பார்க்க, மதியச் சாப்பாட்டை மட்டும் பிரித்துப் பார்த்தேன். முதல் ஆளுக்கு டிபன், அதன் தண்ணீர், இலை எல்லாம் சேர்ந்து 99 × 150, அதாவது 14,850 போக மீதி 82,700. 300 பேருக்கு இலை ஒன்று ரூ.275.67. வரி 5 சதவீதம் சேர்ந்தால் ரூ.289 சொச்சம். இரண்டாவது ஆள், 350 இலைக்குக் கொடுத்து 300 பேர் சாப்பிட்டால், ரூ.291.67. 195க்கும் 250க்கும் இருந்த தூரம் போய்விட்டது, பாருங்கள்.

350 பேர் வந்தால் கதை மாறும். முதல் ஆளுக்குக் கூடும் ஒவ்வொரு இலைக்கும் 195, 8, 6 சேர்த்து 209 ஏறும், வரி வேறு. இரண்டாவது ஆளுக்குப் பைசா கூடாது. 250 பேர்தான் வந்தால் இருவருமே குறைந்தபட்ச இலைக்கு வாங்குவார்கள், நமக்குத்தான் இலை ஒன்று 345 பக்கம் விழும். அதனால் முதலில் பத்திரிகை கொடுத்த கணக்கைச் சரியாகப் பாருங்கள். அதில் பாட்டுக்காரர், நாதஸ்வரக்காரர், போட்டோகிராபர், வண்டி ஓட்டியவர் எல்லாம் இலைதான்.

ராஜன் அண்ணாச்சி, 18 சதவீதம் 2019 அக்டோபருக்கு முன்பு இருந்தது. அதற்குப் பிறகு வெளியில் வந்து சமைத்துப் போடும் கேட்டரிங்குக்கு 5 சதவீதம்தான். பெரிய ஹோட்டல் வளாகத்தில் நடத்தினால் 18 வரலாம், இங்கே அது இல்லை. ஆனால் அந்த 5ஐயும் சும்மா கொடுக்காதீர்கள். லெட்டர் பேடில் 15 எழுத்து ஜிஎஸ்டி எண் இருக்கிறதா? தமிழ்நாட்டுக்காரருக்கு அது 33 என்று தொடங்கும். எண் இல்லாதவர் வரி வாங்க முடியாது. எண் இருந்தும், சிறு வியாபாரிகளுக்கான தொகுப்பு முறையில் பதிந்தவர் என்றால் அவரும் நம்மிடம் தனியாக வசூலிக்கக் கூடாது.

வண்ணாரப்பேட்டை ராஜன்

சரி அண்ணாச்சி, எனக்கு அந்தப் பழைய கணக்குதான் நினைவில் இருந்தது. இரண்டாவது ஆள்தான் மேல் என்பதை விடமாட்டேன். எல்லாம் உட்பட என்றால் நாளைக்கு நமக்குத் தலைவலி இல்லை.

பந்திக்காரர்

"உட்பட" என்று ஐந்து பொருள்தானே எழுதியிருக்கிறார்? ஐஸ்கிரீம், பீடா, பந்தி விரிப்புத் தாள், கை கழுவும் இடத்துச் சோப்பு, குப்பை அள்ளுவது எதுவும் அந்த வரியில் இல்லை. குப்பையும் மின்சாரமும் மண்டபத்து பில்லில் வரும், அதையும் அங்கே கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் அந்த விரல் மறைத்த வரி. "மேல் ஒரு மணிக்கு 1,000" என்றால் குறிப்பிட்ட நேரம் தாண்டினால் ஒரு மணி நேரத்துக்கு ஆயிரம் என்று தோன்றுகிறது. அந்த நேரம் என்ன என்பதுதான் விஷயம். 2 மணி என்று போட்டிருந்தால் கடைசிப் பந்தி நிச்சயம் அதைத் தாண்டும். தம்பியிடம் விரலை எடுத்துவிட்டு மறுபடி ஒரு போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். தாளின் பின்பக்கத்தையும் சேர்த்து.

அம்பை மீனா

மிக்க நன்றி அண்ணாச்சி. தேங்காய் விலை ஏறினால் தனி என்கிறாரே, சொதிக்கு அது பெரிய தொகை ஆகுமா? அதை நினைத்துத்தான் பயமாக இருக்கிறது.

பந்திக்காரர்

நாலு இலைக்கு ஒரு தேங்காய் என்று கணக்கு வையுங்கள். முதல் பால், இரண்டாம் பால் எடுத்து ஊற்றும் நல்ல சொதிக்கு அதுதான். 300 இலைக்கு 75 காய். காய்க்குப் பத்து ரூபாய் ஏறினாலும் 750 ரூபாய், இலைக்கு இரண்டரை ரூபாய். பயப்பட வேண்டியது ஏற்றத்துக்கு இல்லை, "தனி" என்ற சொல்லுக்குத்தான். அவர் எந்த விலையிலிருந்து ஏற்றம் கணக்கிடுவார், எத்தனை காய் என்று காட்டுவார் என்பதைத் தாளில் எழுதி வாங்குங்கள். இல்லையென்றால் காயை நாமே வாங்கிக் கொடுத்துவிடலாம். விலை ஏறியதும் பால் தண்ணீராகிவிடும் வழி ஒன்று உண்டு, அதைத் தடுக்கவும் அதுதான் நல்லது.

அம்பை மீனா

தம்பி மறுபடி போய்ப் படம் அனுப்பிவிட்டான். மறைந்திருந்த வரி: "3 மணிக்கு மேல் ஒரு மணிக்கு 1,000." சாப்பாட்டு வரியில் 350தான், அது அவர் வைக்கும் குறைந்தபட்சம். 300 ஆக்கச் சொன்னதற்கு, இலை விலையை 260 ஆக்கி 300 இலைக்குச் சம்மதித்தார். அப்படியானால் 78,000, டிபன் 15,000, மொத்தம் 93,000. முதல் ஆளிடம் ஜிஎஸ்டி எண் இல்லை, வரி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவருக்கு 97,550. நாளை இரண்டாவது ஆளின் சொதியை அப்பா ருசி பார்க்கப் போகிறார். ஒன்று மட்டும் புரியவில்லை. பந்தி முடிந்ததும் எத்தனை இலை என்று யார் எண்ணுவது?

பந்திக்காரர்

93,000 நல்ல விலை. 350 பேர் வந்தாலும் 1,06,000, முதல் ஆள் 1,08,000 ஆகியிருப்பார். இலைக் கட்டைக் காலையில் இரு பக்கமும் சேர்ந்து எண்ணி எழுதுங்கள், கடைசியில் மிஞ்சியதைக் கழியுங்கள்.

கல்லிடை சங்கரி

கிழிந்த இலையை என்ன செய்வது அண்ணாச்சி? எங்கள் ஊரில் ஒரு கல்யாணத்தில் அதற்கே ஒரு மணி நேரம் வாக்குவாதம். கட்டை எண்ணுவதைவிட, பந்திக்குப் பந்தி உட்கார்ந்த தலையை எண்ணுவதுதான் சரி.

பந்திக்காரர்

தலை எண்ணினால் மூன்று வயசுப் பிள்ளைக்கு இலை போட்டதும் போடாததும் தகராறு. கிழிந்ததைத் தனியாக ஒரு கூடையில் போட வைத்து, அதையும் சேர்த்துக் கழிப்பேன். ஆனால் ஒவ்வொரு கேட்டரிங்காரரும் ஒரு வழி வைத்திருப்பார், அதை முன்பணம் கொடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

அம்பை மீனா

கூடையும் எழுதிக்கொண்டேன். தம்பியை அந்தப் பக்கம் உட்கார வைத்துவிடுகிறேன்.