உருளைக்கிழங்குப் பரிசோதனை: பகுதியெண் பிழைத்தால் வரைபுக்கும் முடிவுக்கும் புள்ளி உண்டா?

கோண்டாவில் ரீச்சர்
உயர்தர முதலாம் வருடப் பிள்ளையின் செய்முறைக் கொப்பி. பிரசாரணம், உருளைக்கிழங்குத் துண்டு, ஐந்து சுக்குரோசுக் கரைசல். திணிவு மாற்றத்தை ஐந்து இடத்திலும் ஆரம்பத் திணிவால் வகுக்காமல் இறுதித் திணிவால் வகுத்திருக்கிறார். கணிப்புக்கு 4, வரைபுக்கு 6, முடிவுக்கு 5. எங்கே வெட்டுவது, எத்தனை வெட்டுவது?

செறிவு (மூலர்), ஆரம்பம், இறுதி (கிராம்), பிள்ளை எழுதிய வீதம்:
0: 2.10, 2.52, +16.7
0.2: 2.00, 2.14, +6.5
0.4: 2.05, 1.91, −7.3
0.6: 2.20, 1.81, −21.5
0.8: 1.90, 1.46, −30.1

முடிவில் இரண்டு வசனம். ஒன்று: "0.29 மூலரில் திணிவு மாற்றம் இல்லை, எனவே கிழங்குக் கலங்களின் நீரழுத்தம் அந்தக் கரைசலினதுக்குச் சமம்." மற்றது: "நீரில் ஏறுவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு, செறிந்த கரைசலில் குறைகிறது."

கணக்குச் சேர்
வீதம் எதற்குமேல் எடுப்பது என்பது ஒன்பதாம் வகுப்புக் கணக்கு. 2 கிராம் துண்டு 1 கிராம் ஆனால் இந்தப் பிள்ளையின் முறையில் 100 வீத இழப்பு வரும், அதாவது துண்டே இல்லை! கண்முன்னே துண்டு கிடக்கிறது, கொப்பியில் காணாமல் போய்விட்டது. இப்படிப்பட்ட எண்களை வைத்துக் கீறிய வரைபுக்கு என்ன பெறுமதி? கணிப்பு 0, வரைபில் அச்சுக்கும் அளவுத்திட்டத்துக்கும் மட்டும் 2, முடிவு 0.

பனங்கொட்டை
சேர், ஒரு பிழைக்கு மூன்று தரம் அடிப்பதா? பிழை ஒரு இடத்தில்தான் நடந்தது. அதற்குப் பிறகு தன் எண்களைச் சரியாகக் குறித்து, சரியாக வாசித்திருக்கிறார். கணிப்பில் வெட்டிவிட்டு மற்றதெல்லாம் முழுப் புள்ளி. பிழையைக் கொண்டு போனதற்காகத் திரும்பத் திரும்பத் தண்டிப்பது நியாயமில்லை.

பழைய ஆய்வுகூடம்
பனங்கொட்டை பாதி சரி. மற்றப் பாதிக்குக் கொப்பியைத் திறந்து கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும். நான் போட்டேன்.

சரியான வீதங்கள் முறையே +20.0, +7.0, −6.8, −17.7, −23.2. இப்போது பிள்ளையின் வரைபு பூச்சியக் கோட்டை வெட்டும் இடத்தைப் பாருங்கள். 0.2க்கும் 0.4க்கும் இடையில் நேர்கோடு இழுத்தால் சரியான எண்களில் 0.30, பிள்ளையின் எண்களில் 0.29. பென்சில் முனையின் தடிப்பு அவ்வளவு. காரணம் எளிது. மாற்றம் பூச்சியமாகும் இடத்தில் தொகுதியெண் பூச்சியம், ஆரம்பமும் இறுதியும் ஒன்றே. எதனால் வகுத்தாலும் பூச்சியம்தான். ஆகவே முதல் வசனம் பிழையின் கையில் சிக்கவில்லை. அதற்குப் புள்ளி வெட்டினால் நாங்கள்தான் பிழை.

இரண்டாவது வசனம் வேறு கதை. ஏறிய துண்டில் இறுதித் திணிவு பெரியது, அதனால் வீதம் சிறுத்துவிட்டது. குறைந்த துண்டில் இறுதித் திணிவு சிறியது, அதனால் வீதம் பெருத்துவிட்டது. 20.0, 16.7 ஆகிவிட்டது, 23.2, 30.1 ஆகிவிட்டது. உண்மையில் இரண்டும் கிட்டத்தட்டச் சமம், 1.16 மடங்குதான். அந்த "இரண்டு மடங்கு" கிழங்கிலிருந்து வரவில்லை, பகுதியெண்ணிலிருந்து வந்தது.

வரைபின் உருவமும் கொஞ்சம் மாறியிருக்கிறது. சரியான வரைபு 0.6க்குப் பிறகு நன்றாகத் தட்டையாகிறது, ஏனென்றால் கலங்களில் இழக்க இருக்கும் நீர் குறைந்துகொண்டு போகிறது. பிள்ளையினதில் அந்த வளைவு அரைவாசி மறைந்திருக்கிறது.

மானிப்பாய் அப்பா
என் மகளுக்கும் இதே பிழைதான், வரைபு முழுவதற்கும் கோடு போட்டு விட்டார்கள். அவளும் தப்பான ஆரம்பத் திணிவைத்தான் எடுத்தாள், முதல் துண்டின் ஆரம்பத் திணிவை எல்லாத் துண்டுக்கும். அவளுக்கும் புள்ளி கேட்கலாம் போலிருக்கிறதே?

பழைய ஆய்வுகூடம்
அண்ணை, அது இதே பிழை இல்லை. மகள் முதல் துண்டின் திணிவை எங்கே போட்டாள் என்பதில் இருக்கிறது விஷயம். மாற்றத்தைச் சரியாகக் கழித்துவிட்டு வகுக்கும்போது மட்டும் போட்டிருந்தால், வெட்டும் இடம் ஏறக்குறைய அங்கேதான் இருக்கும். கழிக்கும்போதே போட்டிருந்தால் பாழ்.

ரீச்சரின் எண்களிலேயே காட்டுகிறேன். எல்லா இறுதித் திணிவிலும் 2.10ஐக் கழித்து 2.10ஆலேயே வகுத்தால் வீதம் 0.2 மூலரில் +1.9, 0.4 மூலரில் −9.0. கோடு 0.23, 0.24 அளவில் வெட்டும். துண்டுகள் ஒரே அளவாக வெட்டப்படாத வித்தியாசம், நீர் போய் வந்த வித்தியாசமாக வேடம் போட்டுவிடும். ஒவ்வொரு துண்டுக்கும் அதன் சொந்த ஆரம்பத் திணிவுக்கு வீதம் எடுப்பதே அதைத் தடுக்கத்தான். மகளின் முடிவு அந்த எண்ணில் நின்றிருந்தால், புள்ளி போனது எனக்கு ஆச்சரியமில்லை.

மானிப்பாய் அப்பா
கழிக்கும்போதுதான் போட்டிருக்கிறாள். கொப்பி பக்கத்தில்தான் இருக்கிறது. சரி, விட்டுவிடுகிறேன்.

உரும்பிராய்த் தோட்டம்
நீங்கள் எல்லாரும் 0.30, 0.29 என்று சண்டை. எங்கள் வகுப்பில் ஒரு குழுவுக்கு 0.4ஐத் தாண்டி வெட்டியது. விசாரித்தால் கிழங்கைக் குளிர்ப்பெட்டியில் பல நாள் வைத்திருக்கிறார்கள். குளிரில் மாப்பொருள் சீனியாகும், கலத்தின் உள்ளே செறிவு கூடிவிடும். செம்மண்ணில் அன்று கிண்டிய கிழங்கைக் கேட்டிருந்தால் நானே கொடுத்திருப்பேன். இதற்குப் புள்ளி வெட்டுவீர்களா?

கோண்டாவில் ரீச்சர்
தம்பி, இது பகுதியெண் பற்றிய கேள்வி. ஆனால் நல்ல ஞாபகம், அடுத்த முறை கிழங்கு உங்களிடம்தான். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: கரைசல்கள் கிணற்றுத் தண்ணீரில் கரைத்தவை. காய்ச்சி வடித்த நீர் முடிந்துபோயிருந்தது.

பழைய ஆய்வுகூடம்
கோண்டாவிலில் சுண்ணாம்பு கலந்த நல்ல தண்ணீர்தானே. கேத்திலில் வெள்ளையாகப் படியும், ஆனால் 0.3 மூலர் சுக்குரோசோடு ஒப்பிட்டால் அதன் கரையங்கள் மிகச் சொற்பம். கடற்கரைப் பக்கம் உவர்க் கிணறு என்றால் பயப்படுவேன்.

புள்ளிக்கு வருகிறேன். கணிப்பில் 2: கழித்ததும் குறியும் சரி, பகுதியெண் பிழை. வரைபில் 6: தன் அட்டவணையைத்தானே கீறினார், அச்சு, அலகு, புள்ளிகள், பூச்சியக் கோட்டுக்கு மேலும் கீழும் எல்லாம் சரி என்றால் அதில் வெட்ட எதுவும் இல்லை. முடிவில் 3: முதல் வசனத்துக்கு. ஓரத்தில் "எதற்கு வீதம்? 2 கிராம் 1 கிராம் ஆனால்?" என்று எழுதுங்கள். சேரின் அந்தக் கணக்கு அருமை, அதை மறுக்கவில்லை.

பனங்கொட்டை
இரண்டாவது வசனத்துக்கு ஏன் இல்லை? தன் வரைபைப் பார்த்து நேர்மையாக எழுதினாரே. வரைபுக்கு முழுப் புள்ளி கொடுத்துவிட்டு அதை வாசித்ததற்குக் கொடுக்காமல் விடுவது எப்படி?

பழைய ஆய்வுகூடம்
அவர் அட்டவணையில் இறுதியும் ஆரம்பமும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன. +0.42, −0.44. இரண்டு மடங்கா அது?

பனங்கொட்டை
துண்டுகளின் அளவு வேறு என்று நீங்கள்தான் இப்போது சொன்னீர்கள். கிராமை நம்பாதே வீதத்தை நம்பு என்று படிப்பித்துவிட்டு, வீதத்தை நம்பியதற்குப் புள்ளி வெட்டுகிறீர்கள்.

கணக்குச் சேர்
முதல் வசனத்துக்கு 3 என்பதை ஏற்கிறேன், பூச்சியத்தை எதனால் வகுத்தாலும் பூச்சியம், அதைக் கணக்கு வாத்தியார் நானே கவனித்திருக்க வேண்டும். வரைபுக்கு 6 மட்டும் மனம் வரவில்லை. நிலைக்குத்து அச்சில் "திணிவு மாற்ற வீதம்" என்று எழுதியிருக்கிறார், அங்கே இருப்பது அது இல்லையே. 5.

கோண்டாவில் ரீச்சர்
11 போட்டுவிட்டேன்: 2, 6, 3. இரண்டாவது வசனத்துக்குப் பக்கத்தில் பென்சிலால் கேள்விக்குறி மட்டும். திங்கட்கிழமை பிள்ளையைக் கூப்பிட்டு 2 கிராம் துண்டைப் பாதியாக வெட்டி மேசையில் வைக்கப் போகிறேன். அவர் தானே திருத்திக் கணக்குப் போட்டு வந்தால் மிச்ச 2ஐயும் பற்றி யோசிப்பேன். பனங்கொட்டை சொன்னது இன்னும் குடைகிறது.