எனக்கே தெரியாத பிறந்தநாள் உனக்கு எப்படித் தெரிந்தது?

வண்ணாரப்பேட்டை கணக்கர்

பொங்கலுக்கு முந்தைய வாரம் நடந்தது. இன்னும் மனதை விட்டு அகலவில்லை.

எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு பார்க்கிறேன். எக்செல் தாளில் 412 வாடிக்கையாளர்கள், B வரிசையில் பிறந்த தேதி. மாதத் தொடக்கத்தில் அந்த மாதம் பிறந்தவர்களை எண்ணி, அத்தனை பித்தளைக் குங்குமச் சிமிழ் வாங்கி வைப்போம். பிறகு அவர்களுக்கு மட்டும் செய்தி அனுப்புவோம். பட்டியல் வளரும் என்பதால் 500-ஆவது வரி வரை சேர்த்து எழுதியிருந்தேன்:

```
=SUMPRODUCT(--(MONTH(B2:B500)=MONTH(TODAY())))
```

ஜூலையிலிருந்து டிசம்பர் வரை ஒரு குறையும் இல்லை. ஜனவரி முதல் தேதி 156 என்று காட்டியது. நவம்பரில் முப்பதைத் தாண்டவில்லையே என்று ஒரு நொடி தோன்றியது. ஆனால் பொங்கல் வேலை தலைக்கு மேல் இருந்ததால் 156 சிமிழுக்குச் சொல்லிவிட்டேன். செய்தி அனுப்பப் பெயர்களைப் பிரித்தபோது 69 பேர்தான் வந்தார்கள். மற்றவர்களுக்குக் கைபேசி எண் இருக்காது என்று நானே ஒரு காரணம் கற்பித்துக்கொண்டேன்.

நான்காம் நாள் ஒரு பாட்டியம்மா வந்தார்கள். சுருக்குப் பையிலிருந்து கைபேசியை எடுத்து, செய்தியை என்னிடம் காட்டி, "எனக்கே தெரியாத பிறந்தநாள் உனக்கு எப்படித் தெரிந்தது, கண்ணு?" என்று கேட்டார்கள். கோபமாகக் கேட்கவில்லை. அவர்களுடைய தாய் சின்ன வயதிலேயே இறந்துவிட்டார்களாம். தேதி சொல்ல யாரும் மிஞ்சவில்லை. எங்கள் கடை எப்படியோ கண்டுபிடித்துவிட்டது என்று உண்மையாகவே நம்பி வந்திருந்தார்கள். "எந்தத் தேதி, சொல்லேன்" என்று மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

தாளைத் திறந்தேன். அவர்கள் வரியில் தேதிக் கட்டம் காலியாக இருந்தது.

அதைக் காலியாக்கியவளே நான்தான். கவுண்டரில் இருக்கும் பெண் அங்கே "தெரியாது" என்று எழுதியிருந்தாள். அந்தச் சொல் இருந்ததால் சூத்திரம் முழுவதும் #VALUE! என்று நின்றது. அப்படி இருந்த 38 கட்டங்களையும் ஜூலையில் நான் அழித்துவிட்டேன். காலிக் கட்டத்துக்கும் ஜனவரிக்கும் என்ன உறவு என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

பெரம்பூர் கண்ணாடிக்கடை

சகோதரி, எக்செல் தேதியை ஒரு எண்ணாகத்தான் வைத்திருக்கிறது. 1900 ஜனவரி 1 என்றால் 1, மறுநாள் 2, இப்படி நாள்களை எண்ணிக்கொண்டே வரும். காலிக் கட்டத்தை MONTH-இடம் கொடுத்தால் அது பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளும். பூஜ்யத்தை எக்செல் "1900 ஜனவரி 0" என்று வைத்திருப்பதால் மாதம் 1 என்று விடை வருகிறது. காலிக் கட்டம் ஒவ்வொன்றும் ஜனவரியில் பிறந்ததாகிவிடுகிறது.

உங்கள் எண்ணிக்கையையே பாருங்கள். 412 பேர் என்றால் பட்டியல் 413-ஆவது வரியில் முடிகிறது. அதற்குக் கீழே 500 வரை 87 வெற்று வரிகள். நீங்கள் அழித்தவை 38. இரண்டும் சேர்ந்து 125. 156-இலிருந்து அதைக் கழித்தால் 31, அதுதான் உண்மையான ஜனவரி. செய்தி 69 பேருக்குப் போனதற்கும் இதே கணக்கு: 31-உம் 38-உம். அந்த 87 வரிகளில் ஆளே இல்லாததால் அவற்றுக்குச் செய்தி போகவில்லை.

இதில் கொடுமை, மற்ற பதினொரு மாதமும் இது சரியான விடையே தரும். ஜூலையில் எத்தனை முறை சரிபார்த்திருந்தாலும் பிழை கண்ணில் பட்டிருக்காது.

நான் சிக்கியது டிசம்பரில். எங்கள் கடைப் பட்டியல் கூகுள் ஷீட்ஸில் இருக்கிறது. அங்கே பூஜ்யம் என்பது 1899 டிசம்பர் 30, ஆகவே காலிக் கட்டமெல்லாம் டிசம்பருக்குப் போய்விடும். ஒரே பட்டியலை எக்செல்லில் திறந்தால் ஜனவரி வீங்குகிறது, அங்கே திறந்தால் டிசம்பர் வீங்குகிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த இரவு நான் தூங்கவில்லை.

"தெரியாது" என்ற சொல்லை அழிக்க வேண்டியதே இல்லை. எண்ணாக இருப்பதை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள்:

```
=SUM(IF(ISNUMBER(B2:B500),IF(MONTH(B2:B500)=MONTH(TODAY()),1,0)))
```

பழைய எக்செல் என்றால் எழுதி முடித்ததும் Ctrl+Shift+Enter அழுத்த வேண்டும். கூகுள் ஷீட்ஸில் இதை ARRAYFORMULA-வுக்குள் போட வேண்டும்.

தண்டையார்பேட்டை பார்லர்

இவ்வளவு நீளச் சூத்திரம் எதற்கு என்றே எனக்கு விளங்கவில்லை. மூன்று வருடமாக அழகு நிலையம் நடத்துகிறேன். நான் போடுவது இது ஒன்றுதான்:

```
=COUNTIF(B2:B500,"*/01/*")
```

காலிக் கட்டத்தை இது தொடுவதே இல்லை. மாதம் மாறினால் 01-ஐ 02 ஆக்குவேன், அவ்வளவுதான். போன மார்ச்சில் ஒரே ஒரு தடவை தவறியது. வழக்கமாக வரும் ஒரு கல்லூரிப் பெண், "அக்கா, என்னை மட்டும் மறந்துவிட்டீர்கள்" என்று சொல்லி முகம் வாடிப் போனாள். அவள் பெயருக்கு நேரே 7/3/2004 என்று இருந்தது. 03 என்று எழுதாமல் வெறும் 3 எழுதியது என் உதவியாளரின் தவறு. சூத்திரத்தின் மேல் பழி போட முடியாது.

பெரம்பூர் கண்ணாடிக்கடை

அக்கா, உங்கள் தாளில் தேதிகள் எல்லாம் வெறும் எழுத்தாக இருக்கின்றன, அதனால்தான் அது வேலை செய்கிறது. நட்சத்திரக் குறி எழுத்தில் மட்டும்தான் பொருந்தும். உண்மையான தேதி உள்ள தாளில் அதே சூத்திரம் 0 என்று காட்டும். வண்ணாரப்பேட்டை சகோதரி அதைப் போட்டிருந்தால் ஒருவருக்கும் சிமிழ் கிடைத்திருக்காது.

எது எழுத்து, எது தேதி என்று அறிய =COUNT(B2:B500), =COUNTA(B2:B500) இரண்டையும் போட்டுப் பாருங்கள். முதலாவது எண்களை மட்டும் எண்ணும். இரண்டாவது எது இருந்தாலும் எண்ணும். இரண்டும் ஒன்றாக வந்தால் எழுத்தாக எதுவும் இல்லை.

தண்டையார்பேட்டை பார்லர்

போட்டேன். முதலாவது 14, இரண்டாவது 260. அந்தப் பதினான்கு பேர் யார் என்று தேடிக்கொண்டிருக்கிறேன். ஆனாலும் என் முறை தவறு என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். 246 பேருக்குச் சரியாகத்தானே வந்திருக்கிறது.

திருவொற்றியூர் பூக்கடை

ஐயா, அம்மா, எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் மாலை வாங்குபவர்கள் பிறந்தநாளுக்கு அர்ச்சனைத் தட்டும் கேட்பார்கள். தேதியை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு ஒன்று உண்டு. ஒரு அம்மாவுக்கு ஜனவரி 9 என்று எழுதி வைத்து, அதிகாலையில் மல்லிகை கட்டிக் காத்திருந்தேன். அவர்கள் வரவே இல்லை. பூ வாடிவிட்டது. பிறகு கேட்டால், "எனக்கு மார்கழியில் கேட்டை வருகிற அன்றுதான் பிறந்தநாள், அது போன வாரமே முடிந்துவிட்டது" என்றார்கள். நடப்பு மாதம் என்று நீங்கள் எல்லோரும் சொல்கிறீர்களே, அது மார்கழியா, தையா? தை மாதத்துக்காரர்களை எண்ண என்ன எழுத வேண்டும்?

பெரம்பூர் கண்ணாடிக்கடை

ஐயா, MONTH-க்கு ஆங்கில மாதம்தான் தெரியும். தை பிறப்பது ஜனவரி நடுவில், சில வருடம் 14, சில வருடம் 15. நட்சத்திரம் அதற்குள்ளும் நகர்ந்துகொண்டே இருக்கும். நீங்கள் தமிழ் மாதத்தையும் நட்சத்திரத்தையும் தனி வரிசைகளில் எழுதி வைத்துக்கொள்வதே நல்லது. ஆங்கிலத் தேதியிலிருந்து அதை வரவழைக்க என்னிடம் வழி இல்லை.

ராயபுரம் குழந்தை உடைகள்

நான் சூத்திரமே போடுவதில்லை. வடிகட்டியில் Date Filters போய் This Month அழுத்தினேன். 300 குழந்தைகள் உள்ள பட்டியலில் ஒரே ஒரு வரி மட்டும் நின்றது. அது எங்கள் பையன் பிறந்த வருடத்துக்குப் பதில் நடப்பு வருடத்தைத் தட்டிவிட்ட வரி. This Month என்றால் இந்த வருடத்தின் இந்த மாதம் மட்டும்தான். All Dates in the Period என்பதற்குள் January இருக்கிறது, அது வருடம் பார்க்காது. ஆனால் அந்த ஒற்றை வரியைத் திரையில் பார்த்தபோது, கடைக்கு வந்த குழந்தைகள் எல்லாம் எங்கே போனார்கள் என்று நெஞ்சு பதறிவிட்டது.

கொருக்குப்பேட்டை

மருந்துக்கடையில் இருக்கிறேன். ஜூன் மாதம் எங்கள் பட்டியலில் வாழ்த்து பெற்ற பெரியவர் ஒருவர், "அது வாத்தியார் போட்ட தேதி தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார். என் கதை அவ்வளவுதான்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் எல்லோரும் சூத்திரத்தைப் பழுது பார்க்கிறீர்கள், கேள்வியைப் பழுது பார்க்கவில்லை. வாழ்த்துச் சொல்ல வருடம் எதற்கு? வாடிக்கையாளரிடம் முழுத் தேதி கேட்டால் சான்றிதழில் இருப்பதைத்தான் சொல்வார்கள். பள்ளியில் சேர்க்கும்போது வயது சரியாக வர வேண்டும் என்று மே, ஜூனில் ஒரு தேதியைப் போட்டுவிட்ட தலைமுறை அது. எங்கள் பட்டியலில் அந்த இரண்டு மாதங்களும் மற்ற மாதங்களை விடக் கனமாக நிற்கின்றன. அதனால் "வீட்டில் எந்த நாளில் பாயசம் வைப்பார்கள்?" என்று கேளுங்கள். நாளை ஒரு வரிசையிலும் மாதத்தை அடுத்த வரிசையிலும் வெறும் எண்ணாக எழுதுங்கள். மாதம் C வரிசையில் இருந்தால் இவ்வளவு போதும்:

```
=COUNTIF(C2:C500,MONTH(TODAY()))
```

C-யில் 1 என்று எழுதிய கட்டம் மட்டுமே ஜனவரி ஆகும். காலிக் கட்டத்தை இது 1 என்று எடுக்காது. "தெரியாது" என்று எழுதியிருந்தாலும் நின்றுபோகாது. நாளும் மாதமும் இடம் மாறும் குழப்பமும் இல்லை. இதே சூத்திரத்தை முழுத் தேதி உள்ள வரிசையில் போட்டுவிடாதீர்கள். தேதி என்பது பெரிய எண், அது ஒருநாளும் 1-க்குச் சமமாகாது. அங்கே 0 வந்தால் இந்த மாதம் ஒருவரும் இல்லை என்று நம்பிவிடுவீர்கள். இன்னொன்று, மாதக் கடைசியில் அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். TODAY() முதல் தேதி காலையில் அடுத்த மாதத்துக்குத் தாவிவிடும்.

வண்ணாரப்பேட்டை கணக்கர்

பெரம்பூர் அண்ணா எழுதியதைப் போட்டேன். 31 என்று வந்தது. நான் அழித்த 38 கட்டங்களிலும் "தெரியாது" என்று திரும்ப எழுதினேன். #VALUE! வரவில்லை.

பாட்டியம்மாவிடம் அன்றே உண்மையைச் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்படியானால் தை முதல் நாள் என்று எழுதிக்கொள், ஊரே கொண்டாடும்" என்றார்கள். கொருக்குப்பேட்டை தம்பி சொன்ன இரண்டு வரிசைகளை அடுத்த வாரம் போடுகிறேன். அதுவரைக்கும் B வரிசையில் அவர்கள் பெயருக்கு நேரே இருந்த "தெரியாது" என்பதை எடுத்துவிட்டு, 14 என்று எழுதுவதா 15 என்று எழுதுவதா என்று யோசித்தேன். 14 எழுதினேன். வருடத்துக்கு அவர்கள் சொன்ன வயதைக் கழித்துக்கொண்டேன்.

இப்போது 32 காட்டுகிறது.