துளையிடும் அலகுகளுக்குத் தமிழ்ப் பெயர் வேண்டும்

ஹட்டனிலிருந்து:
தொழிற்பயிற்சி வகுப்புக் கையேடு திங்கட்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். டைல், கண்ணாடி துளைக்கும் பாடத்தில் மூன்று பிட்டுகள் வருகின்றன: ஸ்பியர் பொயின்ட், டயமண்ட், மேசன்ரி. இப்போதைக்கு ஈட்டி அலகு, வைர அலகு, சுவர் அலகு என்று எழுதியிருக்கிறேன். சரிதானா?

பதுளையிலிருந்து:
ஈட்டி வேண்டாம், வேல் என்று போடுங்கள். அந்த முனையைக் கையில் வைத்துப் பாருங்கள், தட்டையாக இலை மாதிரி அகன்று கூர்மையாகிறது. அது வேலின் வடிவம். அப்புறம் ஏன் அலகு? துறப்பணம், தமரூசி என்று நம் தச்சர்கள் வைத்திருந்த சொற்கள் இருக்கின்றனவே. தமர் என்றால் துளை, தமரூசி என்றால் துளைக்கும் ஊசி.

பண்டாரவளையிலிருந்து:
தமரூசி என்று கேட்டால் எந்த ஹார்ட்வெயார் கடையில் எடுத்துத் தருவார்கள், ஐயா? நான் மேசன் வேலை செய்கிறவன். பெயரைவிட எதை எங்கே போடுவது என்பதுதான் பொடியன்களுக்குத் தெரிய வேண்டும். சுவர் அலகு என்றால் சுவரில் ஒட்டிய டைலுக்கும் அதையே போடுவார்கள். அதன் மழுங்கல் முனை ட்ரில் மெஷினின் ஹேமர் அடியில் நொறுக்கித்தான் வேலை செய்யும், டைலில் வைத்தால் துளையைச் சுற்றி மேல்பூச்சு சில்லுச் சில்லாகப் பெயர்ந்துவிடும்.

சாதாரணச் சுவர் டைலுக்கும் கண்ணாடிக்கும் வேல்முனை போதும். ஹேமரை நிறுத்தி, மெதுவாகச் சுற்றவிட்டு, தண்ணீர் விட்டுக்கொண்டே துளைக்க வேண்டும். தூள் வராமல் பளபளப்பான புள்ளி மட்டும் விழுந்து முனை நீலம் பாய்ந்தால் அது போர்சிலின் டைல், நிறுத்திவிடுங்கள். அதற்கு டயமண்ட்தான். அதைச் சாய்த்துப் பிடித்துத் தொடங்கி, பிறை மாதிரி ஒரு கீறல் விழுந்ததும் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்துங்கள். நேராக வைத்தால் வழுக்கி ஓடும். மறுபக்கம் வரப்போகிற நேரம் அழுத்தத்தைக் குறையுங்கள், உடைவது பெரும்பாலும் அங்கேதான். டைல் தாண்டியதும் பின்னால் இருக்கிற கல்லுக்கு மேசன்ரி பிட்டை மாட்டலாம், ஹேமரும் போடலாம். பிளாஸ்டிக் பிளக்கை டைலுக்கு உள்ளே தள்ளி இறக்குங்கள். டைலுக்குள்ளேயே நின்றால் ஆணி இறுகும்போது விரிந்து டைலைப் பிளந்துவிடும்.

நுவரெலியாவிலிருந்து:
எங்கள் பாத்ரூம் கண்ணாடிக் கதவில் கைபிடி போட வேண்டும். அதற்கும் வேல்முனைதானே?

பண்டாரவளையிலிருந்து:
டெம்பர்ட் கண்ணாடியா என்று முதலில் பாருங்கள், மூலையில் முத்திரை இருக்கும். இருந்தால் எந்தப் பிட்டையும் வைக்காதீர்கள், முழுக் கதவும் பொடியாகக் கொட்டும். முத்திரை இல்லாவிட்டாலும் பாத்ரூம் கதவில் சந்தேகத்தோடு துளைக்க வேண்டாம்.

பதுளையிலிருந்து:
வைர அலகும் தவறு. வைரம் பாய்ந்த மரம் என்று சொல்கிறோம், பொடியன் அதைப் பலா மரத்துக்கு எடுத்துப் போவான். போதாததற்கு அதில் அலகே கிடையாது, விளிம்பில் வைரத்தூள் பதித்த வெறுங்குழாய். வைரத்தூள் குழல் என்பதே பொருந்தும்.

ஹட்டனிலிருந்து:
குழல் நன்றாக இருக்கிறது, எடுத்துக்கொள்கிறேன். வேல்முனை அலகு, வைரத்தூள் குழல், கல் அலகு என்று போட்டு, கடையில் சொல்லும் பெயரையும் தமிழ் எழுத்தில் பக்கத்தில் தருகிறேன்.

பதுளையிலிருந்து:
கடைப் பெயரைப் பக்கத்தில் போட்டால் தமிழ்ப் பெயரை யாரும் வாயில் எடுக்கமாட்டார்கள். தமரூசியையும் விட்டுவிட்டீர்கள். எனக்குச் சம்மதமில்லை.