தள்ளுபடிக்கு முன்பே ஜிஎஸ்டி: பில் மொத்தம் சரியாக வந்ததால் ஏமாந்தோம்

ஈரோட்டுக் கணக்கர்:
எலக்ட்ரிக்கல் மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறேன். புது பில்லிங் சாஃப்ட்வேர் போட்ட பிறகு நடந்தது இது. ஒருவர் 40,000 ரூபாய்க்கு ஃபேன் எடுத்தார், தள்ளுபடி 10 சதவீதம், ஜிஎஸ்டி 18. பில் 42,480. கால்குலேட்டரில் போட்டாலும் அதே தொகை. ஐந்து மாதம் இப்படியே பில் போட்டோம், யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

பிறகு இன்னொருவருக்கு அதே சரக்குக்குச் சதவீதமாக இல்லாமல் நேராக 4,000 ரூபாய் குறைத்தோம். பில் 43,200 வந்தது. 720 ரூபாய் எப்படிக் கூடியது? பழைய பில்லை எடுத்துப் பார்த்தேன். வரி 7,200 என்று இருந்தது. முழு 40,000-க்கும் வரி போட்டு, அந்த 47,200-இல் 10 சதவீதம் கழித்திருக்கிறது. 36,000-க்கு 6,480தான் வந்திருக்க வேண்டும்.

பழனி ஹார்டுவேர்:
சதவீதத் தள்ளுபடியில் மொத்தம் மாறவில்லையே. வாங்கியவர் கொடுத்தது அதே பணம்தான், அதை விட்டுவிடலாமே.

வரி ஆலோசகர், சேலம்:
வாங்கியவருக்கு மாறவில்லை, உங்களுக்கு மாறும். பில்லில் வரி என்று காட்டியதைக் கட்டியாக வேண்டும். 42,480-இல் 7,200 போனால் கையில் நிற்பது 35,280, 36,000 இல்லை. ஜிஎஸ்டி சட்டம் 15(3)-இன்படி, பில்லிலேயே காட்டிய தள்ளுபடி போக மீதிக்குத்தான் வரி.

எந்தப் பில்லையும் சோதிக்க ஒரு வழி: மொத்தத்தில் வரியைக் கழித்துவிட்டு, வரியை அந்த மீதியால் வகுங்கள். 18 சதவீதம் வர வேண்டும். உங்கள் பில்லில் 20.4 வரும்.

டீலர், கரூர்:
எங்களுக்கும் இதே தலைவலி. கம்பெனி வருஷக் கடைசியில் டர்ன்ஓவர் தள்ளுபடி தருகிறது, அதற்கு வரி குறைக்கவே மாட்டேன் என்கிறார்கள்.

வரி ஆலோசகர், சேலம்:
அது பில் போட்ட பிறகு வரும் தள்ளுபடி, அதற்கு விதி வேறு. இங்கே பேசுவது பில்லுக்குள் நடக்கும் தப்பு.

செல்போன் கடை:
எங்கள் ஸ்டிக்கர் விலையிலேயே வரி அடக்கம். 1,180 ரூபாய் ஹெட்செட்டுக்கு 118 குறைத்து 1,062 வாங்கினோம். மெஷின் வரியை மட்டும் பழையபடி 180 என்றே அடித்தது. அப்போ எங்களுக்கும் தப்பா?

வரி ஆலோசகர், சேலம்:
ஆமாம், 1,062-க்குள் இருக்கும் வரி 162தான். வரி அடங்கிய விலையில் கழிப்பது குற்றமில்லை, கழித்த பிறகு வரியைத் திரும்பப் பிரிக்க வேண்டும்.

ஈரோட்டுக் கணக்கர்:
செட்டிங்கில் தள்ளுபடியை வரிக்கு முன் என்று மாற்றிவிட்டேன். பழைய பில்களுக்கு கிரெடிட் நோட் போட அடுத்த நிதியாண்டின் நவம்பர் 30 வரை நேரம் உண்டு, ஆண்டு ரிட்டர்ன் போட்டுவிட்டால் அதற்கு முன்பே முடிந்துவிடும். ஆனால் வாங்கியவரும் எடுத்த இன்புட்டில் 720 குறைக்க வேண்டும். இரண்டு பேர் சரி என்றார்கள். ஒருவர் "நான் கணக்கை முடித்துவிட்டேன், தொடமாட்டேன்" என்கிறார். அவரிடம் எப்படிப் பேசுவது? இதைச் சந்தித்தவர்கள் சொல்லுங்கள்.