பேராசிரியரின் ஒரு வரிக் கேள்வி

தரமணி வாசகி
மீஞ்சூர்ப் பக்கம் 24 கிணற்று நீரை எடுத்து எம்.எஸ்சி. புராஜெக்ட் செய்தேன். அதை வைத்து சென்னையிலேயே ஒரு பேராசிரியரிடம் பிஎச்.டி. இடம் கேட்டு மெயில் போட்டேன். மெயிலில் ஐந்து வரி, கூடவே ஒரு பக்கக் கடிதம். "குளோரைடு அதிகம், ஆகவே கடல்நீர் புகுந்திருக்கிறது" என்று கடிதத்தில் எழுதியிருந்தேன். பதினோராம் நாள் பதில் வந்தது: "புரோமைடு அளந்தீர்களா?" வேளச்சேரி ஸ்டேஷனில் நின்றபடி படித்தேன், வண்டி வந்து போனதே தெரியவில்லை. அளக்கவில்லை. ஆனால் "இல்லை" என்று எழுத மனம் வரவில்லை. ஒன்பது நாள் உட்கார்ந்து படித்து இரண்டு பக்கம் எழுதி அனுப்பினேன். அதன்பின் பதிலே இல்லை.

பெரம்பூர் 11
ஒருத்தரையே நம்பினா இப்படித்தான். நான் 50 பேருக்கு ஒரே கடிதம் அனுப்பினேன், மூணு பேர் பதில் போட்டாங்க. பேராசிரியர் சரின்னுட்டா சீட் உறுதி.

ஓய்வுபெற்ற ஆசிரியர்
அப்படி இல்லை தம்பி. பெரும்பாலான இடங்களில் விண்ணப்பம், தேர்வு, நேர்காணல் எல்லாம் முடிந்து குழுதான் எடுக்கும். பேராசிரியர் விரும்பினாலும் அவரிடம் இடம் காலியாக இருக்க வேண்டும். 2022 யுஜிசி விதிப்படி பேராசிரியருக்கு 8 பேர், இணைப் பேராசிரியருக்கு 6, உதவிப் பேராசிரியருக்கு 4. அதனால் காலி இருக்கிறதா என்பதை மெயிலின் முதல் இரண்டு வரிக்குள் கேட்டுவிட வேண்டும்.

அம்மா, உங்கள் கடிதத்தை அவர் முழுக்கப் படித்திருக்கிறார், அதனால்தான் அந்தக் கேள்வி. சாக்கடை கலந்தாலும் குளோரைடு ஏறும். கடல்நீரில் குளோரைடு, புரோமைடைப் போல எடையில் ஏறத்தாழ 290 மடங்கு. சாக்கடை கலந்தால் பெரும்பாலும் அதற்கும் மேலே போகும். "ஆகவே" என்பதற்குப் பதில் "கடல்நீராக இருக்கலாம், புரோமைடு பார்க்கவில்லை" என்று கடிதத்திலேயே எழுதியிருந்தால் போதும். அவர் கேட்டதற்கும் அன்றைக்கே "இல்லை சார், அளக்கவில்லை" என்று ஒரு வரி அனுப்பியிருக்கலாம்.

மயிலாப்பூர் அம்மா
என் பையனுக்கும் இதே கதைதான். பரிந்துரைக் கடிதம் கேட்டு அவன் கல்லூரி சாரிடம் நாலு மாசம் அலைஞ்சான். நீங்க ரெண்டு பேர்கிட்ட முன்கூட்டியே வாங்கி வச்சுக்கோங்க.

தரமணி வாசகி
அது வேறு கடிதம் அம்மா. நான் சொல்வது நானே எழுதி மெயிலோடு இணைத்தது.

பெரம்பூர் 11
சார், அன்னைக்கே "இல்லை"ன்னு எழுதினா அவர் அதோட விட்டுட மாட்டாரா? எனக்கு நம்பிக்கை இல்லை.

ஓய்வுபெற்ற ஆசிரியர்
விட்டாலும் விடலாம். நான் விட்டிருக்க மாட்டேன்.

தரமணி வாசகி
24 பாட்டிலில் 17 இன்னும் லேபில் மூடி திறக்காமல் இருக்கின்றன. புரோமைடு அளக்க மெஷின் நேரம் கிடைக்குமா என்று நாளைக்குக் கேட்கிறேன். அளவு வந்ததும், இடம் பற்றி எதுவும் கேட்காமல், அதை மட்டும் அவருக்கு எழுதப் போகிறேன்.