ரவுட்டரை நடைக்கு மாற்ற என்ன வழி?

வணக்கம். எங்கள் வீடு ரயில்பெட்டி மாதிரி 50 அடி நீளம். வாசல் பக்கம் ஹால், நடுவில் நடை, அடுத்து சமையலறை, கடைசியில் படுக்கையறை. சுவரெல்லாம் 9 அங்குலச் செங்கல். ஃபைபர் ஹாலில் இறங்குவதால் ரவுட்டர் டிவிக்குப் பின்னால் கிடக்கிறது.

வைஃபை அனலைசர் செயலியில் அளந்தேன். ஹாலில் -40 டிபிஎம், படுக்கையறையில் -84. பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்லது. -70ஐத் தாண்டி இறங்கினால் வீடியோ கால் திக்குகிறது.

நேற்று பழைய போனில் ஹாட்ஸ்பாட் போட்டு, நடையில் ஆறடி உயர அலமாரி மேல் வைத்துப் பார்த்தேன். படுக்கையறையில் -66, ஹாலில் -58! ஃபிரிட்ஜ் மேல் வைத்தபோது படுக்கையறை -75க்குப் போய்விட்டது, அந்த இரும்புப் பெட்டி மறைக்கிறது போல. ரவுட்டரின் சிக்னல் போனைவிட வலுவாகத்தானே இருக்கும்?

சரி, இடம் முடிவாகிவிட்டது. ஃபைபரையே நடைவரை நீட்டச் சொல்லலாமா? மூலைகளில் மடங்கினால் சிக்னல் போய்விடுமோ என்று பயம். இல்லை, இப்போதைய ரவுட்டரை ஹாலிலேயே விட்டு, லேன் கேபிள் இழுத்து, பழைய ரவுட்டரை ஆக்சஸ் பாயின்டாக நடையில் வைக்கலாமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். சுவரில் துளை போட வீட்டு ஓனர் சம்மதிக்க மாட்டார்.