கலைச்சொல்: ‘டிஃபரன்சிங்’, ஒளிப்படத்திலிருந்து எடுத்த காலத்தொடரை வைத்து

இளவேனில்:

அனைவருக்கும் வணக்கம். காலத்தொடர்ப் பயிற்சிக் கையேட்டில் ஓர் இயல் பாக்கி. அச்சுப் புத்தகத்தில் உள்ள கோட்டு வரைபடத்தைக் கைபேசியில் படமெடுத்து, எண்களாக்கி, ஏறுமுகம் மறையும்வரை ஒவ்வோர் ஆண்டு மதிப்பிலிருந்தும் முந்தைய ஆண்டின் மதிப்பைக் கழிக்க வேண்டும். எடுத்துக்காட்டு ஹவாய்த் தீவின் மௌனா லோவாவில் அளக்கப்படும் கார்பன் டைஆக்சைடு, 1959 முதலான ஆண்டுச் சராசரி. இந்த ‘டிஃபரன்சிங்’குக்கு ‘போக்கு நீக்கம்’ என்று எழுதிவிடலாமா? கழித்த பிறகு சராசரியும் பரவலும் காலத்தோடு மாறாமல் நிற்கும் தொடரை ‘ஸ்டேஷனரி’ என்கிறார்களே, அதற்கு ‘நிலையான’ போதுமா?

சுந்தரம்:

போக்கு நீக்கம் அழகாக இருக்கிறது. செய்வதும் அதுதானே, போக்கை நீக்குகிறோம். ஒருமுறை கழித்தும் போகவில்லை என்றால் இன்னொரு முறை கழிக்க வேண்டியதுதான். தொடர் ‘ஸ்டேஷனரி’யா என்று பார்க்கும் ஏடிஎஃப் சோதனையில் பி-மதிப்பு 0.05க்குக் கீழே வந்ததும் நிறுத்திக்கொள்ளலாம். ஒன்று மட்டும் புரியவில்லை. மௌனா லோவா எண்கள் இணையத்திலேயே கிடைக்கும்போது படமெடுப்பானேன்?

மங்கையர்க்கரசி:

எண்கள் கிடைக்கின்றன என்பதால்தான் அது நல்ல எடுத்துக்காட்டு. படத்திலிருந்து படித்தது எவ்வளவு சரி என்று ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம்.

‘போக்கு நீக்கம்’ வேண்டாம். ஒரு கோட்டைப் பொருத்தி அதைக் கழிப்பதற்கு அந்தப் பெயர் ஏற்கெனவே புழங்குகிறது. அது வேறு வேலை, விளைவும் வேறு. இந்த எடுத்துக்காட்டில் இரண்டுமே தேவைப்படும் என்பதால் ஒரே சொல்லை வைத்தால் இயலே குழம்பிவிடும். பள்ளிக் கணிதத்தில் ‘முன்நோக்கு வேறுபாடு’ என்று படித்திருக்கிறோம். அதையொட்டி ‘வேறுபாடெடுத்தல்’ என்பது என் பரிந்துரை. ‘வேறுபடுத்தல்’ என்றால் பிரித்தறிவது என்று பொருள் போய்விடும். ‘வகையிடல்’ நுண்கணிதத்துக்கு உரியது.

சுந்தரம் ஐயா சொன்ன ‘இன்னொரு முறை கழிக்கலாம்’ என்பதில்தான் சிக்கல். 1960களில் ஆண்டுக்குச் சராசரியாக 0.9 பிபிஎம் அளவில் ஏறியது 2010களில் 2.4 அளவில் ஏறுகிறது. கோடு மேல்நோக்கி வளைகிறது. அதனால் ஒருமுறை வேறுபாடெடுத்தாலும் வேறுபாடுகளே ஏறிக்கொண்டு போகும். உடனே இரண்டாவது முறை கழிக்கக் கை போகும். படத்திலிருந்து படித்த எண்களில் அதைச் செய்தால் என்ன ஆகிறது என்று பாருங்கள்.

செங்குத்து அச்சில் 310 முதல் 420 வரையிலான பகுதி படத்தில் 1100 படப்புள்ளி உயரம் என்றால் ஒரு புள்ளி 0.1 பிபிஎம். அச்சுக்கோடு ஐந்தாறு புள்ளித் தடிமன் இருக்கும். நடுவை எவ்வளவு கவனமாகப் பிடித்தாலும் இரண்டு புள்ளி பிசகும், அதாவது 0.2 பிபிஎம். இந்தப் பிசகு ஆண்டுக்கு ஆண்டு தொடர்பில்லாதது என்று கொண்டால், ஒருமுறை கழித்ததும் அதன் பரவற்படி இரண்டு மடங்கு. இரண்டு முறை கழித்தால் ஆறு மடங்கு, ஏனென்றால் கெழுக்கள் 1, −2, 1. திட்ட விலக்கமாகப் பார்த்தால் 0.2 என்பது 0.28 ஆகி, பிறகு 0.49 ஆகும். 1960களின் தொடக்கத்தில் ஒவ்வோர் ஆண்டின் ஏற்றமும் 0.4க்கும் 0.9க்கும் நடுவில்தான். அந்த ஏற்றங்களுக்கு இடையிலான வேறுபாடு அதைவிடச் சிறியது. ஆக இரண்டாம் வேறுபாட்டில் அங்கே தெரிவது காற்று அல்ல, கைபிசகு.

ஏடிஎஃப் அதையும் ‘சரி’ என்றுதான் சொல்லும். வெறும் பிசகைக் கழித்தால் வருவதும் ‘ஸ்டேஷனரி’தானே.

இளவேனில்:

அப்படியானால் மிகையாகக் கழித்துவிட்டோம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மங்கையர்க்கரசி:

அடுத்தடுத்த மதிப்புகளின் தன்னொட்டுறவைப் பாருங்கள். தொடர்பற்ற பிசகை ஒருமுறை கழித்தால் அது −0.5 ஆகும், இரண்டு முறை கழித்தால் −0.67. உங்கள் தொடரில் அது −0.5ஐத் தொட்டாலோ தாண்டினாலோ, பரவற்படியும் முந்தைய கட்டத்தைவிடக் கூடினாலோ, ஒரு படி பின்னால் வாருங்கள்.

```python
from statsmodels.tsa.stattools import adfuller, kpss
# y: ஆண்டு மதிப்புகளின் pandas Series
d1 = y.diff().dropna()
d2 = d1.diff().dropna()
for s in (d1, d2):
    print(adfuller(s)[1], s.autocorr(1), s.var())
print(kpss(d1, regression='c', nlags='auto')[0])
print(kpss(d1, regression='ct', nlags='auto')[0])
```

ஏடிஎஃப் ‘அலகு மூலம் உண்டு’, அதாவது தொடர் ‘ஸ்டேஷனரி’ அல்ல, என்று தொடங்கி அதை மறுக்கப் பார்க்கும். கேபிஎஸ்எஸ் சோதனை எதிர்ப்பக்கத்திலிருந்து தொடங்கும். அதனால் இரண்டையும் கேட்க வேண்டும். கடைசி இரண்டு வரிகளில் வருவது சோதனை மதிப்பு. ‘c’யில் 0.463க்கு மேலும் ‘ct’யில் 0.146க்குக் கீழும் வந்தால், முதல் வேறுபாடு ஒரு சாய்கோட்டைச் சுற்றி ஆடுகிறது என்று கொள்ளலாம். இங்கே அதைத்தான் எதிர்பார்க்கிறேன். அப்போது இரண்டாம் முறை கழிக்காமல் அந்தச் சாய்கோட்டைக் கழித்தால் போதும். ஒருமுறை வேறுபாடெடுத்தல், பிறகு போக்கு நீக்கம். இரண்டு சொல் வேண்டும் என்று சொன்னது இதற்காகத்தான். அறுபத்துச் சொச்சம் புள்ளிகளில் எந்தச் சோதனைக்கும் வலு குறைவு என்பதால் வரைந்தும் பாருங்கள். எல் நீனோ காலத்து 1998, 2016 ஏற்றங்கள் துருத்திக்கொண்டு தெரியும். அவை உண்மையானவை, வெட்டிவிடாதீர்கள்.

காதர்:

எனக்கும் இதே பிரச்சினைதான். மின்கட்டணப் பட்டியல்களைப் படமெடுத்து ஆறு வருட யூனிட்டுகளை வரைந்திருக்கிறேன். கோடையில் ஏறுகிறது. 12 விட்டுக் கழித்தேன், இன்னும் அலை போகவில்லை. இதையும் வேறுபாடெடுத்தல் என்பீர்களா?

மங்கையர்க்கரசி:

காதர் பாய், தமிழ்நாட்டுக் கணக்கீடு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. ஓர் ஆண்டு என்பது 6 மதிப்பு, `diff(6)`. 12 விட்டால் இரண்டு ஆண்டு முந்தைய கோடையோடு கழிக்கிறீர்கள். அலை அதிலும் போயிருக்க வேண்டும். போகவில்லை என்றால் நடுவில் ஒரு பட்டியல் விடுபட்டிருக்கும், தேதிகளைச் சரிபாருங்கள். எண் அச்சிட்ட தாளைப் படிப்பதில் கோட்டின் பிசகு வராது என்பதால், இங்கே பேசுவதில் பாதி உங்களுக்குத் தேவைப்படாது. சொல் ‘பருவ வேறுபாடெடுத்தல்’ ஆகலாம்.

நிரோஷன்:

படத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. புத்தகத்தைச் சாய்வாகப் பிடித்து எடுத்த படத்தில் தூரத்துப் பக்கம் சுருங்கும். வரைபடத்தை எண்களாக்கும் WebPlotDigitizerஇல் ஓர் அச்சுக்கு இரண்டு புள்ளிதான் குறிக்கிறோம், அது இந்தச் சுருக்கத்தைச் சரிசெய்யாது. வலப்பக்கம் சுருங்கியிருந்தால் அண்மை ஆண்டுகளின் ஏற்றம் குறைவாகப் படியும். மேல்நோக்கிய வளைவு தட்டையாகி, ஒருமுறை கழித்ததே போதும் என்று சோதனை பொய் சொல்லும். முதலில் சட்டத்தின் நான்கு மூலைகளையும் வைத்துப் படத்தை நிமிர்த்துங்கள். பத்தாண்டுக் கோடுகளின் இடைவெளி எல்லா இடத்திலும் ஒரு புள்ளிக்குள் சமமாக வந்தால் சரி.

இன்னொன்று, தானியங்கியாக எடுக்கும்போது ஒவ்வொரு படப்புள்ளி நெடுவரிசைக்கும் ஒரு மதிப்பு வரும். ஆண்டுக்குப் பத்துப் பன்னிரண்டு. இடையில் இருப்பது இரண்டு புள்ளிகளை இணைத்த கோடு, தரவு அல்ல. அதைக் கழித்தால் படிக்கட்டு மாதிரி வரும், தன்னொட்டுறவு 0.9 பக்கம் நிற்கும். ஆண்டுக்குறியில் மட்டும் மதிப்பை எடுங்கள்.

இலங்கைப் பாடநூல்களில் ‘வகையீடு’ என்பதால் அந்தப் பக்கத்திலும் ‘வேறுபாடெடுத்தல்’ மோதாது. எனக்குச் சம்மதம்.

இளவேனில்:

வேறுபாடெடுத்தல் சரி. மிகையானால் ‘மிகை வேறுபாடெடுப்பு’. அசல் எண்கள் கிடைக்காத படமென்றால் பிசகை எப்படி அளப்பது?

மங்கையர்க்கரசி:

இரண்டு பேர் தனித்தனியாகப் படியுங்கள். இரு பட்டியல்களின் வேறுபாட்டுக்குத் திட்ட விலக்கம் கண்டு √2ஆல் வகுத்தால் ஒருவரின் பிசகு. அதன் வர்க்கத்தின் இரு மடங்கு, முதல் வேறுபாட்டின் பரவற்படியில் பாதியை நெருங்கினால் அந்தப் படத்தை விட்டுவிடலாம். நிமிர்த்தாத படத்தின் சாய்வு மட்டும் இதில் அகப்படாது, இருவரும் ஒரே மாதிரித் தவறுவார்கள்.

சுந்தரம்:

‘ஸ்டேஷனரி’ அப்படியே நிற்கிறதே. ‘நிலையான’ என்றால் மதிப்பே மாறாது என்று மாணவர் நினைப்பார். ‘பாங்கு மாறாத தொடர்’ என்று வைக்கலாமா?

நிரோஷன்:

மாறாமல் இருக்க வேண்டியவை சராசரி, பரவற்படி, தன்னொட்டுறவு. ‘பாங்கு’ அதைத் தாங்கும். ஆனால் பெயர்ச்சொல்லாக்கினால் ‘பாங்குமாறாமை’, வாயில் நுழையவில்லை. நான் இப்போதைக்கு ‘நிலைத்த தொடர்’ என்றே எழுதுவேன்.

இளவேனில்:

கையேட்டில் இரண்டையும் போட்டுவைக்கிறேன். பரவற்படிக்கு ‘மாறுபாடு’ என்று எழுதியிருந்த இடங்களை மாற்றிவிட்டேன், ‘வேறுபாடு’ பக்கத்தில் அது நின்றால் தாங்காது.